மின்சாரம் இல்லாதபோதும் பூஜ்யம் வரவில்லை: உதவி தேவை

நண்பர்களே, கோத்தகிரியில் மழைக்காலத்தில் மின்னழுத்தம் அடிக்கடி இறங்குவதால், ஆர்டுயினோ ஊனோவில் ஆர்எம்எஸ் அளக்கிறேன். நடுமட்டம் 512 என்று கழித்து, 40 மில்லிவினாடியில் (இரண்டு சுழற்சி) 200 மாதிரி எடுக்கிறேன். வித்தியாசம் 181-ஐத் தாண்டினால் `int`-இல் வர்க்கம் அடங்காது என்பதால் `long` வைத்தேன், அது சரியானது.

ஆனால் உண்மையான நடுமட்டம் 508-க்கு அருகில். அதனால் மின்சாரம் இல்லாதபோதும் 4 காட்டுகிறது. ஆர்எம்எஸ் 200 இருக்கும்போது இந்தப் பிழை தெரிவதே இல்லை. வித்தியாசங்களின் கூட்டுத்தொகை `s`, அவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை `sq` என வைத்து, சராசரியைக் கழித்துப் பார்த்தேன்:

```
ms = sq/200 - (s/200)*(s/200);
```

`s` -790, `sq` 3130 என வந்தால் s/200 என்பது -3.95, முழு எண் வகுத்தல் அதை -3 ஆக்குகிறது. 15 - 9 = 6, மூலம் எடுத்தால் இன்னும் 2 மிச்சம்.

```
ms = (200*sq - s*s)/40000;
```

இதில் பூஜ்யம் வருகிறது. ஆனால் ஆர்எம்எஸ் 231-ஐத் தாண்டினால் 200*sq `long`-இல் அடங்காது. `int64_t` போடலாமா, இல்லை நடுமட்டத்தையே மெதுவாகத் திருத்திக்கொண்டு வருவது நல்லதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.