பதினைந்து நிமிடம், பன்னிரண்டு கோப்பை: போட்டி மேசையில் என் கருப்பட்டி அனுபவம்

கீழக்கரை கடைக்காரன்

பாரிஸ்டா போட்டிக்குப் பழகுகிறவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன். உலகப் போட்டியின் விதிகளை வைத்து, நண்பர்கள் சேர்ந்து ஒரு பயிற்சிச் சுற்று நடத்தினோம். மேசை, இயந்திரத்தைத் தயார் செய்ய 15 நிமிடம். அதன்பின் போட்டி 15 நிமிடம். அதற்குள் நான்கு சுவை நடுவர்களுக்கு நான்கு எஸ்பிரசோ, நான்கு பால் காபி, நாமே உருவாக்கிய சிக்னேச்சர் பானம் நான்கு, மொத்தம் 12 கோப்பை.

என் திட்டம் இப்படி. முதல் நான்கரை நிமிடத்துக்குள் எஸ்பிரசோ போய்ச் சேர வேண்டும். எட்டாவது நிமிடத்தில் பால் காபி. பதின்மூன்றரைக்குள் சிக்னேச்சர். மீதி ஒன்றரை நிமிடம் கைவசம் இருக்கும். சிக்னேச்சரைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் கருப்பட்டி. அதைக் குடித்த நாக்கில் எஸ்பிரசோவின் நுணுக்கம் எதுவும் நிற்காது.

பானம் நம்ம ஊர் பானகத்தை நினைத்துச் செய்தது. நான்கு ஷாட் எஸ்பிரசோ, கருப்பட்டிப் பாகு, கொஞ்சம் புளித்தண்ணீர், சுக்கு. காபியின் புளிப்பும் கருப்பட்டியின் புகை வாசமும் நன்றாகச் சேர்ந்தன. ஆரம்பத்தில் கோப்பைக்கு 10 கிராம் பாகு விட்டுப் பார்த்தேன், காபியே தெரியவில்லை. 5 கிராமுக்கு இறக்கிய பிறகுதான் அது காபி பானம் ஆனது.

கெட்டது இரண்டு இடத்தில். நான் பழகியது கடற்காற்று வரும் என் கடையில், கதவு திறந்தபடி. போட்டி நடந்தது ஏசி அறையில். கடையில் 18 கிராம் பொடிக்கு 36 கிராம் காபி 27 விநாடியில் வந்துகொண்டிருந்தது, ஏசி அறையில் 21 விநாடியிலேயே வந்துவிட்டது. பதற்றத்தில் கிரைண்டரை ஒரு முறைதான் மாற்றினேன், அது போதவில்லை. எஸ்பிரசோ புளித்தது. நானோ மனப்பாடம் செய்தபடி "பேரீச்சம்பழம், கருந்தேன், மென்மையான முடிவு" என்று சொல்லிக்கொண்டே கோப்பையை வைத்தேன்.

இரண்டாவது, பாகு. ஏசி குளிரில் இறுகி, பாட்டிலின் வாயில் நின்றுவிட்டது. சுடுநீரில் வைத்து இளக்குவதற்குள் நாற்பது விநாடிக்கு மேல் போயிற்று. அந்தப் பதற்றம் மீதி நேரத்தையும் தின்றது. கையை உயர்த்தி முடித்தபோது கடிகாரத்தில் 15:22.

தேவிபட்டினம்

15 நிமிடம் தாண்டினால் அப்போதே வெளியேற்றிவிடுவார்களே? உங்களை எப்படி முடிக்க விட்டார்கள்? அப்புறம் ஒன்று, பேச்சு எவ்வளவு நிறைவாக இருக்கிறதோ அவ்வளவு மதிப்பெண் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். தோட்டம், உயரம், பதப்படுத்திய முறை என எல்லாம் சொல்லியிருந்தால் அந்த எஸ்பிரசோவைக் கொஞ்சம் காப்பாற்றியிருக்கலாம்.

மண்டபம் அக்கா

நான் சில சுற்றுகளில் சுவை நடுவராக உட்கார்ந்திருக்கிறேன். தம்பி, தாண்டியவுடன் வெளியேற்றுவதில்லை. ஒரு விநாடிக்கு ஒரு மதிப்பெண் கழியும், அது 60 வரை போகும். 16 நிமிடத்தைத் தாண்டினால்தான் தகுதி இழப்பு. கடைக்காரருக்கு 22 மதிப்பெண் போயிருக்கும்.

பேச்சைப் பற்றி நீங்கள் சொன்னது பாதி சரி. தோட்டத்தைப் பற்றிச் சொல்வது, அது கோப்பையில் இருக்கும் சுவைக்குக் காரணமாக வந்தால் பயன். ஆனால் நடுவர் முதலில் செய்வது வேறு. நீங்கள் சொல்லும் சுவைகளைத் தாளில் எழுதிக்கொள்வார். பிறகு குடித்து, எழுதியது நாக்கில் இருக்கிறதா என்று பார்ப்பார். சொன்னதும் சுவைத்ததும் எவ்வளவு ஒத்துப்போகிறதோ அதற்குத்தான் மதிப்பெண். ஐந்து சுவை சொல்லி இரண்டு கிடைத்தால், மூன்று தவறு உங்கள் வாயாலேயே பதிவாகிவிடும்.

கடைக்காரரே, உங்கள் காபி புளித்ததைவிட, புளித்த காபிக்குப் பேரீச்சம்பழம் என்று சொன்னதுதான் பெரிய இழப்பு. தயாரிப்பு நேரத்தில் ஷாட் 21 விநாடியில் ஓடியபோது நீங்களே குடித்துப் பார்த்தீர்களா?

கீழக்கரை கடைக்காரன்

குடித்தேன் அக்கா. புளிப்பு தெரிந்தது. கிரைண்டரைச் சரிசெய்துவிடலாம் என்று நம்பினேன். பேச்சை மாற்ற வேண்டும் என்று தோன்றவே இல்லை.

மண்டபம் அக்கா

அங்கேதான் பிடி. என்னிடம் பழக வருகிறவர்களுக்கு நான் சொல்வது, பேச்சில் சுவைச் சொற்கள் வரும் இடத்தைக் காலியாக வைத்துப் பழகுங்கள் என்பது. ஒரு எஸ்பிரசோவுக்கு மூன்று வடிவம் தயாராக இருக்கட்டும். சரியாக வந்தால் ஒன்று, வேகமாக ஓடினால் ஒன்று, மெதுவாக ஓடிக் கசந்தால் ஒன்று. தயாரிப்பின் கடைசி மூன்று நிமிடத்தில் ஒரு ஷாட் எடுத்துக் குடித்து எது என்று முடிவு செய்யுங்கள். நீங்கள் அன்று "எலுமிச்சைத் தோல், புளிப்பான திராட்சை, லேசான முடிவு" என்று சொல்லியிருந்தால் சொன்னதும் சுவைத்ததும் பொருந்தியிருக்கும். சுவை சமநிலையில் குறைந்திருப்பீர்கள், ஆனால் இரண்டு இடத்திலும் சேர்ந்து குறைந்திருக்க மாட்டீர்கள்.

பாகு விஷயத்தில், அதைத் தயாரிப்பு நேரத்திலேயே வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தி வையுங்கள். ஓட்டம் முடியும்வரை அங்கேயே இருக்கட்டும். புளித்தண்ணீரும் சுக்கும் முன்பே அளந்து கோப்பை வரிசைக்குப் பக்கத்தில் வந்துவிட வேண்டும். மேசையில் நேரம் போவது காபி ஓடும் 27 விநாடியில் அல்ல, எதையாவது தேடும் விநாடிகளில்தான்.

தொண்டி டீக்கடை

எங்கள் கடையில் காலை ஆறு மணிக்கு ஒரே நேரத்தில் பன்னிரண்டு கிளாஸ் டீ கேட்பார்கள், படகிலிருந்து இறங்குகிறவர்கள். நான்கு கிளாஸ் ஒரு தரம் ஊற்றுவேன். முதல் நான்கு ஆறுகிறது என்று சத்தம் போடுவார்கள். நீங்கள் பால் காபியை எப்படிச் சூடு குறையாமல் கொடுக்கிறீர்கள்?

கீழக்கரை கடைக்காரன்

அண்ணே, உங்கள் சிக்கல்தான் எங்களுக்கும். ஒரு வகையின் நான்கு கோப்பையையும் கொடுத்த பிறகுதான் அடுத்த வகைக்குப் போக முடியும். அதனால் இரண்டு ஷாட் இழுத்து, ஒரு குடத்தில் இரண்டு கோப்பைக்கான பாலைச் சூடாக்கி, ஊற்றி, உடனே நடுவர் முன் வைப்பேன். அடுத்த இரண்டுக்கும் அப்படியே. நான்கையும் ஒன்றாகக் கொண்டு போவது அழகாக இருக்கும், ஆனால் முதல் இரண்டில் நுரை தடித்து, பாலும் காபியும் பிரிந்து நிற்கும். இரண்டு இரண்டாகக் கொடுக்கும்போது பேச்சுக்கும் இடைவெளி கிடைக்கிறது.

ஏர்வாடி பயிற்சியாளர்

அக்காவுடன் ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. மூன்று வடிவப் பேச்சு நல்ல யோசனைதான். ஆனால் புதியவர்கள் அதைப் பழகினால் எதையும் உறுதியாகச் சொல்லாமல் தடுமாறுவார்கள். முதல் போட்டிக்கு ஒரே வடிவம் போதும், அறைக்கு ஏற்ற கிரைண்டர் அளவைத்தான் பழக வேண்டும். முந்தின நாளே ஏசி போட்ட ஒரு அறையில் பத்து ஷாட் இழுத்துப் பார்த்திருந்தால் இந்த 21 விநாடி வந்திருக்காது.

மண்டபம் அக்கா

அறை கிடைத்தால் அப்படிச் செய்யுங்கள். நம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்குப் போட்டி மேடையில்தான் முதல் ஏசி அறை கிடைக்கிறது.

கீழக்கரை கடைக்காரன்

இன்னொன்று கேட்க வேண்டும். சிக்னேச்சரை விளக்கும்போது "பானகம் போல" என்று சொன்னேன். தமிழ் நடுவர் இருவர் தலையசைத்தார்கள். மற்ற இருவர் எழுதாமல் என்னைப் பார்த்தார்கள். பிறகு "தேன் போன்ற இனிப்பு, நடுவில் புளி, கடைசியில் தொண்டையில் சுக்கின் காரம்" என்று விளக்கினேன். அதற்கு இருபது விநாடி ஆயிற்று. அடுத்த முறை பானகம் என்ற சொல்லையே விட்டுவிடட்டுமா?

மண்டபம் அக்கா

விட வேண்டாம், ஆனால் முன்னால் வைக்காதீர்கள். நாக்கில் வரும் வரிசையில் மூன்று சுவையைச் சொல்லுங்கள், குடிக்கும் முறையைச் சொல்லுங்கள், ஒரு முறை கலக்கி இரண்டு மிடறு என்று. பானகம் அதற்குப் பின் வரட்டும்.

ஏர்வாடி பயிற்சியாளர்

நானாக இருந்தால் முன்னால்தான் வைப்பேன். அந்தப் பானத்தின் யோசனையே அதுதானே. இருபது விநாடியை வேறு எங்காவது மிச்சம் பிடிக்கலாம்.

கீழக்கரை கடைக்காரன்

இரண்டையும் கடிகாரம் வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன். பாகு மட்டும் இப்போதே வெந்நீரில் நிற்கிறது.