பதில் வரவேண்டியவற்றின் பட்டியல்: தவறான பெயரை எழுதி வைத்ததால் பதினான்கு நாள் இழந்தேன்

உணவக நிர்வாகி, ஜார்ஜ்டவுன்

அனைவருக்கும் வணக்கம். பினாங்கு லிட்டில் இந்தியாவில் எங்கள் குடும்பத்தின் இரண்டாவது உணவகத்தை 2025 சித்திரைப் புத்தாண்டுக்கு முன் திறக்கத் திட்டமிட்டிருந்தோம். அனுமதிகளையும் ஒப்புதல்களையும் தொடர்ந்து கேட்டுப் பெறும் பொறுப்பு என்னுடையது. நான் செய்யவேண்டிய வேலைகளை ஒரு பக்கத்திலும், மற்றவரிடமிருந்து வரவேண்டியவற்றை அதற்கு எதிர்ப் பக்கத்திலும் எழுதி வைப்பது என் வழக்கம். அவ்வளவு கவனமாக எழுதியும் பெயர்ப்பலகை விஷயத்தில் ஏமாந்து போனேன்.

மலேசியாவில் கடைப் பெயர்ப்பலகைக்கு உரிமம் கேட்பதற்கு முன், அதிலுள்ள மலாய் வாசகத்தை மலாய் மொழிக்கான அரசு நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தாகாவிடம் காட்டி உறுதி பெறவேண்டும் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். வடிவமைப்பாளர் கெடாவில், சுங்கை பட்டாணியில் இருப்பவர். 3.3.2025 திங்கட்கிழமை எங்களுக்காக அவரே விண்ணப்பத்தை அனுப்பினார். நான் குறிப்பேட்டில் “பெயர்ப்பலகை அனுமதி, அரசு அலுவலகம், 3/3” என்று எழுதிவிட்டு, அலுவலகம் என்றால் நாளாகத்தானே செய்யும் என்று பொறுத்திருந்தேன்.

21ஆம் தேதி வெள்ளிக்கிழமை வடிவமைப்பாளரை அழைத்தேன், அவர் எடுக்கவில்லை. திங்கட்கிழமை பேசியபோது, ஒரு சொல்லைத் திருத்தும்படி 10ஆம் தேதியே தமக்கு மின்னஞ்சல் வந்துவிட்டதாகச் சொன்னார். விண்ணப்பத்தில் அவருடைய முகவரிதான் இருந்தது. ஆக, அந்தப் பதினான்கு நாளும் வேலை கிடந்த இடம் சுங்கை பட்டாணி. என் குறிப்பேட்டில் இருந்ததோ வேறோர் இடம். திருத்தி மீண்டும் அனுப்புவதற்குள் நோன்புப் பெருநாள் விடுமுறை வந்துவிட்டது. ஏப்ரல் 5 என்று சொல்லியிருந்த திறப்பு விழா 26ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது.

இப்போது “அனுமதி” என்று பொதுவாக எழுதுவதில்லை. யார் கையில், அவர் எதைத் தரவேண்டும், எந்த நாளில் அவர் கைக்குப் போனது, எந்த நாளில் நான் கேட்கவேண்டும் என்று நான்கையும் எழுதுகிறேன். உங்கள் அனுபவங்களையும் அறிய விரும்புகிறேன்.

கணக்காளர், பிரிக்பீல்ட்ஸ்

இதற்குத் தனிக் குறிப்பேடு தேவையில்லை என்பது என் கருத்து. பதில் வேண்டிய ஒவ்வொரு மின்னஞ்சலையும் அனுப்பும்போதே எனக்கும் ஒரு நகல் வைத்துக்கொள்வேன். அந்த நகல்கள் அனைத்தும் ஒரே கோப்புறைக்குப் போய்விடும். திங்கட்கிழமை காலை அதைத் திறந்தால் யார் பதில் தரவில்லை என்று தெரிந்துவிடும். வாடிக்கையாளர் “அனுப்பிவிடுகிறேன்” என்று உறுதி கூறியதும் அந்த நகலை நீக்கிவிடுவேன். ஐந்து ஆண்டுகளாக இப்படித்தான் செய்து வருகிறேன்.

கட்டுமான ஆவணப் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவன், கோலாலம்பூர்

தம்பி, கோப்புறை நல்ல ஏற்பாடு. எழுதிக் கேட்ட தேதியும் சொற்களும் அதில் அப்படியே இருக்கும். ஆனால் தொலைபேசியில் கேட்டதும், வாட்ஸ்அப் குரல் பதிவில் கேட்டதும், மாடிப்படியில் நின்று கேட்டதும் அதில் வராது. தவறிப்போகிறவை பெரும்பாலும் அவைதாம். மேலும், உறுதி கூறியதும் நீக்குவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். “அனுப்புகிறேன்” என்ற பதிலால் மாறவேண்டியது அடுத்து கேட்கும் நாள் மட்டுமே. கேட்ட பொருள் கைக்கு வந்து, திறந்து பார்த்து, சரியானதுதான் என்று தெரிந்த பிறகே அந்த வரியை அடிக்கவேண்டும். கையொப்பம் இல்லாத வரைபடத்தை வாங்கிக்கொண்டு வரியை அடித்துவிட்டு, கான்கிரீட் ஊற்றும் நாளன்று தவித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஜார்ஜ்டவுன் சகோதரி சொன்னதுதான் இதில் முக்கியமானது. எங்கள் பதிவேட்டில் ஒரு வரைபடத்துக்கு ஒரு வரி என்று இல்லை. அது கைமாறும் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய வரி. கட்டடக் கலைஞரிடம் போனால் ஒரு வரி, அவர் பொறியாளருக்கு அனுப்பினால் பழைய வரியை மூடிவிட்டுப் பொறியாளர் பெயரில் இன்னொன்று. திருத்தத்துக்காக நம்மிடமே திரும்பி வந்தால், அது பதில் வரவேண்டிய பட்டியலை விட்டு நம் வேலைப் பட்டியலுக்குப் போய்விடும். இப்படி எழுதுவதில் ஒரு தொல்லை உண்டு: கைமாறியதை யாராவது நமக்குச் சொன்னால்தான் எழுத முடியும். ஆகவே முதலில் ஒப்படைக்கும்போதே, “இது உங்களிடமிருந்து வேறொருவருக்குப் போனாலும், திரும்பி வந்தாலும், அன்றைக்கே ஒரு வரி எழுதுங்கள்” என்று கேட்டுவிடுவேன். விண்ணப்பத்தில் தொடர்பு முகவரியாக நம்முடையதையும் சேர்க்கச் சொல்வது இன்னும் நல்லது.

சகோதரி வெள்ளிக்கிழமை அழைத்ததைப் பற்றியும் ஒன்று. கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும்; பினாங்கில் சனியும் ஞாயிறும். இரு பக்கமும் சேர்ந்து வேலை செய்வது திங்கள் முதல் வியாழன் வரை நான்கு நாளே. கெடா, கிளந்தான், திரெங்கானுவில் இருப்பவர்களைக் கேட்கும் நாளைப் புதன்கிழமைக்குமேல் வைக்காமல் இருந்தால், அவர் பதில் தரவும் ஒரு நாள் மிஞ்சும்.

திருமண ஏற்பாட்டில் இருப்பவர், பட்டர்வொர்த்

தலைப்பைப் பார்த்து மண்டபங்களின் காத்திருப்புப் பட்டியலைப் பற்றிய பேச்சு என்று நினைத்து வந்தேன். என் தங்கை திருமணத்துக்கு நாங்கள் கேட்ட மண்டபத்தில் எங்களுக்கு முன் இருவர் இருப்பதாகச் சொன்னார்கள். யாராவது விலகினால் அவர்களே அழைப்பார்களாம். இது நீங்கள் சொல்லும் பட்டியலில் வருமா?

உணவக நிர்வாகி, ஜார்ஜ்டவுன்

வரும் அண்ணா. அவர்கள் வரிசையில் உங்கள் இடம் அவர்கள் பொறுப்பு. ஆனால் “மண்டப மேலாளர் இடம் உண்டா இல்லையா என்று சொல்லவேண்டும்” என்பது உங்கள் பட்டியலில் ஒரு வரி. வேறு மண்டபத்துக்கு முன்பணம் கட்டக் கடைசி நாள் எதுவோ, அதற்கு ஒரு வாரம் முன்பு கேட்கும்படி தேதி போட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் அழைப்பார்கள் என்று தேதி போடாமல் விட்டதுதான் நான் செய்த பிழையும்.

அலுவலக உதவியாளர், பெட்டாலிங் ஜெயா

என் நிலைமை வேறு. நான் காத்திருப்பது என் மேலாளரின் ஒப்புதலுக்கு. கொள்முதல் படிவம் பன்னிரண்டு நாளாக அவர் மேசையில் இருக்கிறது. மூன்று நாளுக்கு ஒரு முறை நினைவூட்டினேன். “தெரியும்” என்று மட்டும் சொல்கிறார். பட்டியலில் எழுதி என்ன பயன் என்று தோன்றுகிறது.

ஓய்வு பெற்றவன், கோலாலம்பூர்

மகளே, “படிவம் என்ன ஆயிற்று ஐயா” என்று கேட்டால் “தெரியும்” என்றுதான் பதில் வரும். அந்த ஒப்புதலால் எது நிற்கிறதோ அதையும் அதன் நாளையும் சேர்த்துக் கேளுங்கள்: “விற்பனையாளர் கொடுத்த விலை இந்த மாதம் 20 வரை செல்லும். 18க்குள் கையொப்பம் கிடைத்தால் அதே விலைக்கு வாங்கலாம். தொகையில் ஐயம் இருந்தால் மாற்று விலைப்பட்டியலும் இணைத்திருக்கிறேன்.” சில வேளைகளில் படிவத்தில் ஏதோ ஒன்று அவருக்குப் பிடிக்காமல் இருக்கும், கேட்டால்தான் வெளிவரும். அப்படியானால் படிவம் உண்மையில் உங்கள் கையில் இருக்கிறது.

கணக்காளர், பிரிக்பீல்ட்ஸ்

குரல் பதிவுகளைப் பற்றி ஐயா சொன்னதை ஏற்கிறேன்; இனி அவற்றை எனக்கே ஒரு மின்னஞ்சலாக எழுதிக் கோப்புறையில் சேர்ப்பேன். ஆனால் பட்டியலை உரியவர்களுக்கே காட்டலாமா? என் அலுவலகத்தில் பெயரும் நாட்களும் தெரியும்படி சுவரில் ஒட்டினோம். இரண்டு பேர் விரைவாகப் பதில் தந்தார்கள், ஒருவர் என்னுடன் பேசுவதையே நிறுத்திவிட்டார்.

ஓய்வு பெற்றவன், கோலாலம்பூர்

கட்டுமானத்தில் வாராந்தரக் கூட்டத்தில் அனைவர் முன்பும் வாசிப்போம். அது ஒப்பந்தத்தின் பகுதி என்பதால் யாரும் வருந்தவில்லை. சிறு அலுவலகத்தில் அது எப்படிப் போகும் என்று என்னால் சொல்ல இயலவில்லை.

உணவக நிர்வாகி, ஜார்ஜ்டவுன்

நான் யாருக்கும் காட்டுவதில்லை. அவரவர் வரியை மட்டும் அவரவருக்கு அனுப்புகிறேன். இன்று என் பக்கத்தில் ஆறு வரிகள் இருக்கின்றன. முதல் வரி நேற்று வரை இப்படி இருந்தது: “சுங்கை பட்டாணி வடிவமைப்பாளர், புதிய உணவுப்பட்டியலின் இறுதி வரைவு, திங்கள் ஒப்படைத்தது, புதன் காலை கேட்கவேண்டும்.” நேற்று அவரே அழைத்து, அச்சகத்துக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார். அந்த வரியை மூடிவிட்டு அச்சகத்தின் பெயரில் ஒன்று எழுதியிருக்கிறேன்.