க்விக்செலக்ட் விடையில் "எதன் மேல் சராசரி?" என்று எழுதி மார்க் குறைத்திருக்கிறார்கள். தவறு எங்கே?

தாம்பரம் மாணவி:
வணக்கம். சி.எஸ்.இ. மூன்றாம் வருடம் படிக்கிறேன். நேற்று இன்டர்னல் விடைத்தாள் கைக்கு வந்தது. 13 மார்க் கேள்வி ஒன்று இரண்டு பிரிவாக வந்திருந்தது. k-ஆவது சிறிய உறுப்பைத் தேடும், ரேண்டம் பிவட் வைத்த க்விக்செலக்ட்டின் எக்ஸ்பெக்டட் நேரம் O(n) என்று நிறுவ 8 மார்க். ரிசர்வாயர் சாம்ப்ளிங் சரியாக வேலை செய்கிறது என்று காட்டி, அதன் நேரத்தையும் சொல்ல 5 மார்க். எனக்கு 3-ம் 2-ம் கிடைத்தன.

முதல் பிரிவுக்கு நான் எழுதியது இது: "பிவட்டை ரேண்டமாக எடுப்பதால் சராசரியாக ஆரே பாதியாகும். எனவே T(n) = T(n/2) + n. விரித்தால் n + n/2 + n/4 + ..., அதாவது 2n." பக்கத்தில் சிவப்பு மையில் "எதன் மேல் சராசரி? ஏன் பாதி?" என்று இருக்கிறது. விடை O(n) என்றுதானே வந்திருக்கிறது? பிறகு ஏன் 5 மார்க் போனது?

பழைய பெஞ்சு:
"உள்ளீடு ரேண்டம் வரிசையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்" என்று முதலில் ஒரு வரி போட்டிருந்தால் முழு மார்க் வந்திருக்கும் தங்கச்சி. அதைத்தான் கேட்டிருக்கிறார்கள். மற்றபடி கணக்கு சரிதான்.

குரோம்பேட்டை:
பழைய பெஞ்சு, அந்த வரி இன்னும் மார்க்கைக் குறைக்கும். உள்ளீடு கலைந்து கிடந்தால் முதல் உறுப்பையே பிவட்டாக வைத்தாலும் அதே சராசரி வரும் என்பது உண்மை. ஆனால் கேள்வி அது இல்லை. இங்கே உள்ளீட்டை எதிராளி எப்படி வேண்டுமானாலும் அடுக்கித் தரலாம், அது நகராது. பகடையை உருட்டுவது அல்காரிதம். சராசரி எடுப்பது அந்தப் பகடையின் மேல் மட்டும்தான். "எந்த உள்ளீட்டுக்கும், எந்த k-க்கும், பிவட் தேர்வுகளின் மேல் சராசரி" என்று எழுதினால் முதல் கேள்விக்குப் பதில் ஆகிவிட்டது.

இரண்டாவது கேள்வி, "ஏன் பாதி?" என்பது. இதைத்தான் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். நான் சில வருடம் இந்தப் பாடம் எடுத்தவள், ஒவ்வொரு கட்டு விடைத்தாளிலும் இதே பாதி வரும். 9 உறுப்புகள், நமக்கு வேண்டியது நடுவில் இருக்கும் 5-ஆவது என்று வை. பிவட் 1-ஆவது ரேங்க்காக அமைந்தால் 8 உறுப்பு மிஞ்சும். 2 என்றால் 7, 3 என்றால் 6, 4 என்றால் 5. சரியாக 5 விழுந்தால் வேலை முடிந்தது, மிச்சம் 0. அப்புறம் மறுபக்கம் 5, 6, 7, 8. மொத்தம் 52, சராசரி 52/9, ஏறக்குறைய 5.8. பாதி என்றால் 4.5 வந்திருக்க வேண்டும். நடுவில் இருப்பதைத் தேடும்போது பெரும்பாலும் பெரிய துண்டிலேயே மாட்டிக்கொள்கிறோம். n பெரிதாக ஆக ஆக இந்த மிச்சம் 3n/4-ஐ நெருங்கும்.

நீ எழுதிய 2n எப்போது சரி தெரியுமா? மிகச் சிறியதையோ மிகப் பெரியதையோ தேடும்போது. அங்கே மிச்சம் சராசரியாகப் பாதிதான். இடைநிலையைத் தேடினால் உண்மையான ஒப்பீடுகள் சராசரியாக 3.39n அளவுக்கு வரும். அதாவது உன் 2n தவறான எண். O(n) என்ற முடிவு சரி, அதற்கு நீ காட்டிய காரணம் அதைத் தாங்கவில்லை.

தாம்பரம் மாணவி:
புரிகிறது மேடம். அப்படியானால் T(n) = T(3n/4) + n என்று எழுதினால் போதுமா?

குரோம்பேட்டை:
அப்படியே எழுதினால் மறுபடியும் கேள்வி வரும். மிச்சத்தின் அளவு X ஒரு ரேண்டம் எண். T(X)-இன் சராசரியும், X-இன் சராசரியை T-க்குள் போட்டு வருவதும் பொதுவாக ஒன்றல்ல. ஆனால் இங்கே ஒரு வசதி இருக்கிறது. T(m) ≤ cm என்று இன்டக்ஷனில் எடுத்துக்கொண்டால், அது நேர்கோடு. அதனால் சராசரி உள்ளே போகும்.

எழுத வேண்டிய வரிசை இதுதான். உறுப்புகள் எல்லாம் வெவ்வேறு என்று சொல். T(n) என்பது n உறுப்புகளில் எந்த k-க்கும் வரக்கூடிய மிக மோசமான எக்ஸ்பெக்டட் ஒப்பீடு என்று சொல். பிவட் i-ஆவது ரேங்க் என்றால், மிஞ்சுவது அதிகபட்சம் max(i-1, n-i). ஒவ்வொரு i-க்கும் வாய்ப்பு 1/n, அந்த max-இன் சராசரி 3n/4-ஐத் தாண்டாது. அடுத்த சுற்றில் உருட்டுவது புதிய பகடை, பழையதோடு தொடர்பில்லாதது. ஆகவே

```
T(n) ≤ n + c·(3n/4)
```

c = 4 வைத்தால் வலப்பக்கம் 4n. முடிந்தது. "எந்த k-க்கும்" என்று T-யை வரையறுத்ததை விட்டுவிடாதே. அடுத்த சுற்றில் k மாறிவிடும், அது இல்லாவிட்டால் இன்டக்ஷன் ஒட்டாது.

வேளச்சேரி:
என் பிரச்சினையும் இதுவா என்று தெரியவில்லை. லேபில் 2 லட்சம் பேரின் மார்க் (0 முதல் 100 வரை) கொடுத்து க்விக்செலக்ட் ஓட்டினேன். பிவட் ரேண்டம்தான், ஆனாலும் நகரவே இல்லை. ரேண்டம் ஜெனரேட்டர் சரியில்லையா அக்கா?

குரோம்பேட்டை:
ஜெனரேட்டர் மேல் தவறில்லை. 101 மதிப்புகள்தான், ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில் திரும்ப வருகிறது. "பிவட்டுக்குச் சமமானதை இடப்பக்கம் தள்ளு" என்ற பார்டிஷனில், எல்லாம் ஒரே எண்ணாகிவிட்ட துண்டு ஒரு சுற்றுக்கு ஒன்றாகத்தான் குறையும். எந்த உறுப்பை எடுத்தாலும் அதே கதி, அங்கே பகடையால் பயனில்லை. சிறியது, சமம், பெரியது என்று மூன்றாகப் பிரித்து, k சமப் பகுதியில் விழுந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். "உறுப்புகள் வெவ்வேறு" என்று விடையில் எழுதச் சொன்னதும் இதனால்தான்.

ஓ.எம்.ஆர். லாக்:
ரிசர்வாயர் பற்றி யாரும் பேசவில்லையே. வேலையில் 10 லட்சம் வரி லாகிலிருந்து ஒரு வரி எடுக்க இதை எழுதினேன்:

```python
import random
def pick(stream):
    for i, x in enumerate(stream, 1):
        if random.randrange(i) == 0:
            ans = x
    return ans
```

`ans` எத்தனை தடவை மாறுகிறது என்று எண்ணிப் பார்த்தால் 13. இவ்வளவு குறைவாக மாறினால் ஆரம்ப வரிகளுக்குத்தானே சாதகம்? பிழை என்று நினைத்து இரண்டு நாள் தேடினேன்.

குரோம்பேட்டை:
பிழை இல்லை சார். i-ஆவது வரி உள்ளே வர 1/i வாய்ப்பு. பிறகு வருவதெல்லாம் அதை வெளியேற்றாமல் இருக்க i/(i+1), (i+1)/(i+2) என்று போய்க் கடைசியில் (n-1)/n. பெருக்கினால் நடுவில் எல்லாம் அடிபட்டு i/n. ஆக 1/i × i/n = 1/n, எல்லா வரிக்கும் சமம். முன்னால் வந்தது எளிதாக உள்ளே போகும், ஆனால் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும். மாற்றங்களின் சராசரி 1 + 1/2 + ... + 1/n. 10 லட்சத்துக்கு அது சுமார் 14.4. உங்களுக்கு வந்த 13 இயல்பானது.

மாணவிக்கு: இரண்டாவது பிரிவில் "எக்ஸ்பெக்டட் O(n)" என்று எழுதினாயா?

தாம்பரம் மாணவி:
ஆமாம் மேடம். 1/n நிறுவலில் "சமச்சீர் காரணமாக" என்று விட்டுவிட்டேன்.

குரோம்பேட்டை:
நிறுவல் போனதுதான் பெரிய இழப்பு. நேரத்தில், இந்த லூப் எப்படி உருட்டினாலும் n உறுப்பையும் பார்க்கும், ரேண்டம் எண்ணும் n தடவை எடுக்கும். எனவே எப்போதும் O(n). பகடை இங்கே விடையை மாற்றுகிறது. க்விக்செலக்ட்டில் விடை மாறாது, நேரம் மாறும். இந்த வித்தியாசத்தை ஒரு வரியில் எழுதியிருந்தால் விடை இன்னும் தெளிவாக இருந்திருக்கும்.

பழைய பெஞ்சு:
நான் சொன்னது தவறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "எக்ஸ்பெக்டட் O(n)" என்பது பொய் இல்லையே? எப்போதும் O(n) என்றால் சராசரியும் O(n)தான். அதற்கு மார்க் குறைப்பது நியாயமா?

குரோம்பேட்டை:
பொய் இல்லை. திருத்துபவரைப் பொறுத்தது. நான் குறைத்திருக்க மாட்டேன், ஆனால் குறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தாம்பரம் மாணவி:
திங்கட்கிழமை விடைத்தாளோடு போய்க் கேட்கிறேன். முதல் பிரிவை இப்போதே திரும்ப எழுதிப் பார்த்தேன், பத்து வரிக்குள் வந்துவிட்டது. அந்த 3.39n மட்டும் எப்படி வருகிறது?

குரோம்பேட்டை:
8 மார்க்குக்கு அது தேவையில்லை. முயன்று பார்க்க ஒரு நுனி தருகிறேன். i, j ரேங்க் உள்ள இரண்டு உறுப்புகள் எப்போது ஒப்பிடப்படும்? i, j, k மூன்றையும் அடக்கிய ரேங்க் வரம்பில், முதலில் பிவட்டாவது i அல்லது j ஆக இருந்தால் மட்டும். அந்த வாய்ப்பை எல்லா ஜோடிக்கும் கூட்டிப் பார், k நடுவில் இருக்கும்போது ln 2 எங்கிருந்து வருகிறது என்று தெரியும்.