டூர் சர்க்குலர் புரிந்துவிட்டது, டீச்சருக்கு என்ன எழுதி அனுப்புவது?

கேட்டவர்: பள்ளியிலிருந்து வந்த டூர் சர்க்குலரை மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டுப் படித்தேன். "மாணவர்கள் 15:30க்குப் பணிநீக்கம் செய்யப்படுவார்கள்" என்று வந்ததைப் பார்த்துப் பயந்து, வீட்டுக்கு விடுகிற நேரம் அது என்று பிறகுதான் பிடிபட்டது. தேதி 05/06, வெள்ளி என்று இருக்கிறது. மகள் ரெண்டாம் வகுப்பு, நிலக்கடலை ஒத்துக்காது. தமிழில் எழுதி ஆப்பில் மாற்றி டீச்சருக்கு ஒரு குறிப்பு அனுப்பலாமா? எப்படி எழுத?

ரெண்டு பிள்ளை அப்பா: எல்லாம் ஓகே, வருவாள் என்று ஒரு மெயில் போடுங்க. சர்க்குலரோடு வந்த அனுமதிச் சீட்டெல்லாம் நிரப்பிட்டு உட்கார வேண்டாம், மெயிலே அத்தாட்சிதான்.

பள்ளி ஆபீஸ்காரி: அத்தாட்சிதான், ஆனால் டூர் அன்றைக்கு டீச்சர் கையில் ஃபைலாக எடுத்துப் போவது அந்தச் சீட்டுகளைத்தான். அவசர போன் நம்பர், கையெழுத்து எல்லாம் அதில் இருக்கும். சீட்டு இல்லாத பிள்ளையைப் பல பள்ளிகளில் பஸ் ஏற்றமாட்டார்கள். எனவே சீட்டைக் கொடுங்க, குறிப்பையும் அதோடு கொடுங்க.

குறிப்புக்கு ஒரே வேலை: நீங்கள் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்வது. "சர்க்குலர் புரிந்தது, நன்றி" என்று எழுதினால், தப்பாகப் புரிந்திருந்தாலும் டீச்சருக்குத் தெரியாது. நேரம், இடம், கொண்டுவரும் பொருள் என்று நீங்களே எழுதிவிட்டால் தப்பு அவர் கண்ணில் படும்.

தேதியை எண்ணில் எழுதாதீங்க. 05/06 சில நாட்டில் மே 6, சில நாட்டில் ஜூன் 5. 2026இல் மே 6 புதன், ஜூன் 5 வெள்ளி. உங்கள் சர்க்குலர் வெள்ளி என்பதால் ஜூன் 5தான். அதை எழுத்தில் எழுதுங்க.

அடுத்தது "ஒத்துக்காது". இதை ஆப்பில் போட்டால் "ஏற்றுக்கொள்ளமாட்டாள்", "பிடிக்காது" என்கிற மாதிரி போய்விடலாம். பிடிக்காத பண்டத்துக்கு யாரும் மருந்து எடுத்து வைக்கமாட்டார்கள். "அலர்ஜி" என்றே எழுதி, சாப்பிட்டால் உடம்பில் என்ன ஆகும் என்பதையும் சொல்லுங்க.

நாம் எழுவாயை விட்டுவிட்டு எழுதுவோம். "மூன்றரைக்கு வந்து கூட்டிட்டுப் போயிடுவேன்" என்றால் நமக்குப் புரியும், ஆப்புக்குப் புரியாது. அது யாரையாவது கொண்டுவந்து நிறுத்தும். அதனால் ஒவ்வொரு வரியிலும் பெயரைச் சொல்லுங்க. அதுவும் பள்ளிப் பதிவில் இருக்கும் பெயராக. அப்பா பெயர் அங்கே கடைசிப் பெயராக ஏறியிருந்தால் அப்படியே எழுதுங்க, இனிஷியல் போட்டால் பட்டியலில் தேட வேண்டியிருக்கும்.

மாதிரிக்கு (நேரத்தை உங்கள் சர்க்குலர்படி மாற்றிக்கொள்ளுங்க):

> வணக்கம் டீச்சர். நான் 2பி வகுப்பு மீனா குமாரின் அம்மா. ஜூன் 5, வெள்ளிக்கிழமை டூருக்கு மீனா வருவாள். கையெழுத்துப் போட்ட சீட்டு இத்துடன் இருக்கிறது.
>
> நான் புரிந்துகொண்டது: மீனா காலை 8:15க்குப் பள்ளியில் இருக்க வேண்டும். மீனா மதிய உணவை வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். நான் 15:30க்குப் பள்ளி வாசலில் மீனாவைக் கூட்டிச் செல்வேன். இதில் தவறு இருந்தால் சொல்லுங்கள்.
>
> மீனாவுக்கு நிலக்கடலை அலர்ஜி. நிலக்கடலை சாப்பிட்டால் மீனாவின் உதடு வீங்கும், மீனாவுக்கு மூச்சுத் திணறும். மீனாவின் மருந்து பள்ளி ஆபீஸில் இருக்கிறது. அந்த மருந்தை டூருக்கு எடுத்து வருபவர் யார்?

கடைசிக் கேள்வியை மட்டும் விட்டுவிடாதீங்க. மருந்து வருஷம் முழுக்க ஆபீஸ் அலமாரியில் பத்திரமாக இருக்கும், டூர் அன்றைக்கும் அங்கேயே இருந்துவிடும். "பார்த்துக்கொள்ளுங்கள்" என்றால் "சரி" என்று பதில் வரும். "யார்" என்று கேட்டால் ஒரு ஆள் பெயர் வந்தாக வேண்டும்.

மொழிபெயர்த்த பிறகு, அதைத் திரும்பத் தமிழுக்கு மாற்றிப் படிங்க, முடிந்தால் வேறொரு ஆப்பில். எந்த வரி கோணலாகத் திரும்பி வருகிறதோ அதை இன்னும் சின்னதாக உடைத்து எழுதுங்க.

பஸ் வாந்திக்காரன் அம்மா: என் பையனுக்கு பஸ்ஸில் வாந்தி வரும். மாத்திரையைப் பையில் போட்டு விட்டுட்டா போதும்தானே?

பள்ளி ஆபீஸ்காரி: பையில் வேண்டாம், வேறு பிள்ளை எடுத்துத் தின்றால் வம்பு. கிளம்பும்போது போட வேண்டியதை வீட்டிலேயே கொடுத்து அனுப்புங்க. திரும்பும்போதும் தேவைப்பட்டால், பெயர் ஒட்டிய பெட்டியோடு டீச்சரிடம் கொடுக்கணும். அதற்குத் தனிப் படிவம் இருக்கலாம், ஆபீஸில் முன்னாலேயே கேளுங்க.

நூலகத்துக்காரர்: மொழிபெயர்ப்புக்குக் கீழே தமிழ் மூலத்தையும் ஒட்டி அனுப்புங்க. சந்தேகம் வந்தால் பள்ளியில் அதை மொழிபெயர்ப்பாளரிடம் காட்டிக் கேட்கலாம்.

ரெண்டு பிள்ளை அப்பா: ரெண்டு பக்கம் நீளமா வந்தா டீச்சர் படிக்கவேமாட்டார், சார்.

நூலகத்துக்காரர்: அலர்ஜி வரி மட்டுமாவது ரெண்டு மொழியிலும் இருக்கட்டுமே.

கேட்டவர்: சீட்டை நிரப்பிட்டேன். தமிழையும் சேர்த்து அனுப்புறதா வேண்டாமான்னுதான் இன்னும் யோசிக்கிறேன்.