ஸ்டென்சிலுக்கு ஒரு சொல்லா, இரண்டு சொல்லா? – சன்னல் வெண்பனி இழை

எழுதியவர்: மணல்மேடு

நண்பர்களே, வணக்கம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கான கைவினைப் புத்தகம் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். டிசம்பர் பகுதியில் ஒரு பாடம்: சன்னல் கண்ணாடியில் பனி விழுந்து படிந்ததுபோல் செய்வது. பஞ்சு, ஸ்டென்சில், காகிதத்தில் வெட்டிய பனிப்பூ, இவ்வளவுதான் பொருள். தூத்துக்குடி வெயிலில் உட்கார்ந்து இதை எழுதுவதைப் பார்த்து வீட்டில் சிரிக்கிறார்கள், அது இருக்கட்டும்.

சிக்கல் இதுதான். முதல் முறையில், பூ வடிவத்தில் துளை வெட்டிய தகட்டைக் கண்ணாடியில் வைத்துத் துளைக்குள் வெள்ளையை ஒற்றுகிறோம். வெள்ளைப் பூ கிடைக்கிறது. இரண்டாவது முறையில், காகிதப் பூவையே கண்ணாடியில் ஒட்டி, அதைச் சுற்றி ஒற்றிவிட்டு எடுக்கிறோம். சுற்றிலும் வெள்ளை, நடுவில் தெளிந்த கண்ணாடிப் பூ. இரண்டுக்கும் 'அச்சு' என்று எழுதிப் பார்த்தேன். படித்துக் காட்டியதும் என் மகள், "எந்த அச்சுப்பா?" என்றாள். இரண்டு சொல் வேண்டும்.

எழுதியவர்: பனங்காய்

ஐயா, எதற்கு இரண்டு? அச்சு என்றாலே அழுத்திப் பதிப்பது. அச்சு வெல்லம், முறுக்கு அச்சு, ரப்பர் முத்திரை எல்லாம் அப்படித்தான். ஸ்டென்சில் எதையும் அழுத்திப் பதிப்பதில்லை, ஆகவே அச்சே தவறு. 'வெட்டுத்தாள்' போதும், இரண்டும் வெட்டிய தாள்தானே.

அப்புறம் ஒரு குறிப்பு: பூவை மைதாப் பசையால் ஒட்டுங்கள், செலவில்லை. காகிதத்தை மூன்று முறை பாதியாக மடித்து ஓரத்தில் வெட்டினால் பனிப்பூ வந்துவிடும்.

எழுதியவர்: கோலப்பொடி

தம்பி பனங்காய் சொன்னதில் பாதி சரி. அழுத்தினால்தான் அச்சு என்றால் கோல அச்சு எங்கே போவது? மார்கழியில் தட்டுத் தட்டாக விற்கிறார்களே, துளை போட்ட தகடு. அதன்மேல் மாவைத் தேய்த்தால் துளை வழியாகத் தரையில் கோலம் விழுகிறது. அதுதான் ஸ்டென்சில். நம் வாசலில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டு வேறெங்கும் தேட வேண்டாம். 'துளையச்சு' என்றால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

இரண்டாவதுக்குத் துளை என்ற பேச்சே இல்லை. அது மறைக்கிறது, அவ்வளவுதான். 'மறைதாள்' என்று வையுங்கள். ஒன்று வழி விடுகிறது, மற்றது வழி மறிக்கிறது. இரண்டையும் வெட்டுத்தாள் என்றால் பிள்ளை தலைகீழாகச் செய்துவிடும்.

கோலத்தட்டில் இன்னொன்றைக் கவனியுங்கள். கோடு முழுக்க வெட்டியிருக்காது, வரிசையாகச் சின்னத் துளைகள்தான் இருக்கும். ஏனென்றால் ஒரு வட்டத்தை முழுதாக வெட்டினால் அதன் நடுப்பகுதி பிடிமானம் இல்லாமல் கழன்று விழுந்துவிடும். தகட்டில் பனிப்பூ வெட்டும்போதும் இதே கதைதான். ஆறு கைகளுக்கு நடுவே ஓர் அறுகோணம் நிற்க வேண்டுமென்றால், அதை வெளித்தகட்டோடு பிடித்து வைக்க 3 மில்லிமீட்டர் அகலத்தில் இரண்டு மூன்று இணைப்புகளை விட்டே வெட்ட வேண்டும். அந்த இணைப்புக்கும் ஒரு பெயர் வேண்டும். 'பாலம்' எனலாமா?

தகட்டுக்கு நான் பயன்படுத்துவது பழைய எக்ஸ்ரே படம். ஈரத்தில் ஊறாது, பிளேடு நேராக ஓடும்.

மைதாப் பசை வேண்டவே வேண்டாம். போன வருடம் நான் அதில்தான் ஒட்டினேன். மறுநாள் காலையில் பனிப்பூ ஒவ்வொன்றின் ஓரத்திலும் எறும்பு வரிசை.

எழுதியவர்: புழுக்கம்

வணக்கம். எங்கள் வீட்டில் ஏசி போட்டால் சன்னல் கண்ணாடியில் தண்ணீர் முத்து முத்தாகப் பூத்து வழிகிறது. சட்டம் உப்பிப் போய்விட்டது. இதற்குத்தான் வழி சொல்லப் போகிறீர்கள் என்று ஆசையாக இழையைத் திறந்தேன். கீழ்வீட்டுக்காரர் வேறு சண்டைக்கு வருகிறார்.

எழுதியவர்: கோலப்பொடி

புழுக்கம் ஐயா, அதற்கு வழி என்னிடம் இல்லை. ஆனால் நல்லவேளை சொன்னீர்கள், பாடத்துக்கு அது தேவை. ஏசி அறையில் கண்ணாடி குளிர்ந்திருக்கும், வெளிக்காற்று ஈரமாக இருக்கும், ஆகவே தண்ணீர் வெளிப்பக்கத்தில்தான் பூக்கும். போதாததற்கு டிசம்பரில் வடகிழக்குப் பருவமழைச் சாரலும் உண்டு. ஆகவே எப்போதும் உட்பக்கத்தில் ஒற்றுங்கள். பூவுக்கு இடம் வலம் கிடையாது. 'இனிய கிறிஸ்துமஸ்' என்று எழுத்து ஒற்றி அதைத் தெருவிலிருந்து படிக்க வேண்டுமென்றால் மட்டும் துளையச்சைத் திருப்பி வைக்க வேண்டும்.

கலவை: சாக்பீஸ் தூள் நாலு ஸ்பூன், தண்ணீர் இரண்டு ஸ்பூன், பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு. கெட்டித் தயிர் பதம் வர வேண்டும். ஸ்பான்ஜில் தொட்டு, முதலில் செய்தித்தாளில் ஒற்றிப் பாருங்கள். சுற்றிலும் ஈர வளையம் பரவினால் தண்ணீர் அதிகம், கண்ணாடியில் வைத்தால் அச்சுக்கு அடியில் கசிந்து பூவின் கைகள் வீங்கிவிடும். தேய்க்காமல் தட்டித் தட்டி ஒற்ற வேண்டும்.

எழுதியவர்: வடதிசை

டொராண்டோவிலிருந்து எழுதுகிறேன். சொல்லுக்கு முன்னால் ஒரு திருத்தம். நீங்கள் எல்லோரும் கண்ணாடி முழுக்கப் பூ ஒற்றப் பார்க்கிறீர்கள். உண்மையில் இங்கே சன்னலில் பனி அப்படி நிற்பதில்லை. காற்று அடித்துக் கீழ் மூலைகளில் குவிக்கும், சட்டத்தின்மேல் மெத்தைபோல் உட்காரும். மூலையிலிருந்து நடுவுக்கு ஒரு வளைவாகச் சரியும். பஞ்சு அங்கேதான் வர வேண்டும், மேலே சும்மா நாலைந்து பூ போதும்.

மூன்று முறை பாதியாக மடித்தால் நாலு இதழோ எட்டு இதழோ வரும், ஆறு வராது. பனித்துகளுக்கு ஆறு முனைதான், அது ஏன் என்று வானியல் அறிஞர் கெப்ளர் 1611-லேயே கேள்வி எழுப்பி ஒரு சிறுநூல் எழுதினார். சதுரத்தை மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்குங்கள். மடிப்பின் நடுப்புள்ளியை முனையாக வைத்து அதை மூன்று சமபங்காக மடியுங்கள், பிறகு இன்னொரு முறை பாதியாக. பன்னிரண்டு அடுக்கு வரும். சாதாரண ஏ4 தாளில் கத்தரி திணறும், பட்டத்தாள் எடுங்கள்.

சொல்லுக்கு வருகிறேன். 'பனி' என்றால் ஊரில் மார்கழிப் பனி, தலையில் இறங்கும் ஈரம். ஊட்டிச் செய்தியில் 'உறைபனி' என்றால் புல்மேல் வெள்ளையாகப் பூப்பது. இது இரண்டுமில்லை. 'வெண்பனி' என்று எழுதுங்கள். எங்கள் பிள்ளைகள் 'ஸ்நோ' என்றுதான் சொல்கிறார்கள், அது தனிக் கவலை.

எழுதியவர்: பனங்காய்

மடிப்பில் தோற்றுவிட்டேன், வடதிசை அண்ணே. மடித்துப் பார்த்தேன், ஆறு வருகிறது. ஆனால் 'மறைதாள்' எனக்கு ஒட்டவில்லை. எக்ஸ்ரே படத்தில் வெட்டி மறைத்தால் அதுவும் தாளா? 'மறைப்பு' என்றால் எந்தப் பொருளுக்கும் பொருந்தும்.

பஞ்சுக்கு எங்கள் தோட்டத்து இலவம்பஞ்சு எடுத்தேன். ஒன்றோடொன்று பிடிக்காமல் வழுக்கி, ஃபேன் போட்டதும் வீடெல்லாம் பனிப்பொழிவு.

எழுதியவர்: மணல்மேடு

நேற்று செய்து பார்த்தேன். மருந்துக்கடைப் பஞ்சுச் சுருளைப் பின்னால் இருக்கும் விரல் தெரியும்வரை இழுத்து, கீழ்ச் சட்டத்தில் பரப்பினேன். மூலையில் மட்டும் இரண்டு அடுக்கு. பக்கத்தில் தொங்கிய நட்சத்திர விளக்கில் குண்டு பல்பு, சுட்டது, அதைக் கழற்றி எல்இடி போட்டுவிட்டேன்.

ஒன்றை யாரும் சொல்லவில்லை. பகலில் உள்ளே இருந்து பார்த்தால் எல்லாம் சாம்பல் நிறம். வெளியே போய்ப் பார்த்தால் பளிச்சென்று வெள்ளை. இரவில் விளக்குப் போட்டதும் அறைக்குள்ளேயும் வெள்ளையாகிவிட்டது. வெளிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் பனி.

புத்தகத்தில் 'வெண்பனி', 'துளையச்சு' இரண்டும் போகின்றன. மறைதாளா மறைப்பா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. பிள்ளைகள் வெட்டப்போவது காகிதம்தான் என்பதால் இப்போதைக்கு மறைதாள் என்றே வைத்திருக்கிறேன்.

கோலப்பொடி அக்காவின் 'பாலம்' மகளிடம் எடுபடவில்லை. "பாலத்துக்கு அடியில தண்ணி போகணும்ல" என்கிறாள். அவள் வைத்த பெயர் 'காம்பு'.

எழுதியவர்: கோலப்பொடி

காம்பு நன்றாக இருக்கிறது. என் பாலத்தை எடுத்துவிடுங்கள்.