உட்கார்ந்தால் மெல்ல இறங்கும் நாற்காலி: உங்கள் அனுபவம் என்ன?

காரைக்குடிக் கணக்கர்:
அலுவலக நாற்காலிதான், வாங்கி இன்னும் பழையதாகவில்லை. 20-ஆம் தேதி ஜி.எஸ்.டி. தாக்கல் நெருக்கடியில் இருந்தபோது, எதிரே அமர்ந்திருந்த கோட்டையூர் ஆச்சி திடீரென்று, "ஏன் தம்பி, நீங்க கீழே போய்க்கிட்டே இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டார். விசைப்பலகை என் மார்பளவுக்கு வந்திருந்தது. நெம்புகோலைத் தூக்கினால் இருக்கை உடனே மேலே வருகிறது. உட்கார்ந்தால் மீண்டும் இறங்குகிறது. இரவு இறங்கிய நிலையில் விட்டுச் சென்றால், காலையில் தானாகவே உயர்ந்து நிற்கிறது. இந்தக் கடைசி விஷயம்தான் எனக்குப் புரியவே இல்லை.

தேவகோட்டை வாசகர்:
என்னுடையதும் இப்படித்தான், சற்றுச் சாய்ந்தால் மல்லாக்கத் தள்ளிவிடுகிறது. உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். இந்தச் சக்கர நாற்காலிகளையே விட்டுவிடுங்கள். எங்கள் அப்பச்சி காலத்துத் தேக்கு நாற்காலி, பிரம்பு மட்டும் மாற்றிப் பின்னியது, இன்றும் முகப்பில் கிடக்கிறது. ஒரு நூல்கூட இறங்கவில்லை. பழைய சாமான் கடைகளில் தேடினால் அப்படி ஒன்று கிடைக்கும். மெத்தை ஒன்று தைத்துப் போட்டுக்கொண்டால் நாள் முழுவதும் கணக்குப் பார்க்கலாம்.

புதுவயல் நண்பர்:
சிலிண்டரில் இருந்த கேஸ் கசிந்து போயிருக்கும், வேறொன்றுமில்லை. ஹைட்ராலிக் வேலை பார்ப்பவரிடம் கொடுத்தால் மறுபடியும் நிரப்பித் தந்துவிடுவார்.

நாற்காலி பழுது பார்ப்பவர்:
புதுவயல் நண்பர் சிலிண்டரைச் சொன்னது பெரும்பாலும் சரி, கேஸ் வெளியே போய்விட்டது என்பது சரியில்லை. வெளியே போயிருந்தால் நெம்புகோலைத் தூக்கினாலும் இருக்கை எழுந்து வராது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் நைட்ரஜன் அப்படியேதான் இருக்கிறது. பிஸ்டனுக்கு இருபுறமும் அது இரண்டு அறைகளாகப் பிரிந்திருக்கும். நெம்புகோலைத் தூக்கும்போது மட்டும் வால்வு திறந்து, ஓர் அறையிலிருந்து மற்றதற்குப் போகும். சீல் தேய்ந்தாலோ வால்வு சரியாக மூடாவிட்டாலோ, வழி எப்போதும் மயிரிழை அளவு திறந்தே இருக்கும். ஆள் உட்கார்ந்தால் எடை அழுத்தி இருக்கை இறங்கும். ஆள் இல்லாதபோது அதே வழியாகக் கேஸ் மெல்லத் திரும்பி இருக்கையைத் தூக்கும். உங்கள் நாற்காலி காலையில் உயர்ந்து நிற்பது இதனால்தான்.

ஆனால் சிலிண்டர் வாங்குவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். நாற்காலியைப் படுக்க வைத்து, இருக்கையின் அடித்தகட்டைக் கவனித்தால் சிலிண்டரின் உச்சியில் சிறிய பொத்தான் ஒன்று தெரியும். நெம்புகோல் சும்மா இருக்கும்போது அதன் நாக்கு அந்தப் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கக் கூடாது, சிறிது ஆட்டம் இருக்க வேண்டும். நாக்கு வளைந்து எப்போதும் அழுத்திக்கொண்டிருந்தாலும் இதே போலத்தான் இறங்கும். அப்படியிருந்தால் நாக்கை நிமிர்த்தினால் போதும், செலவில்லை.

பள்ளத்தூர் இல்லத்தரசி:
ஐயா சொல்வதெல்லாம் சரி, ஆனால் எதற்கு இவ்வளவு வேலை? வெளியே தெரியும் மெல்லிய குழாயின் மேல், நீளவாக்கில் பிளந்த பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்றைத் தேவையான உயரத்துக்கு வெட்டி மாட்டினேன். அன்றிலிருந்து அசையவில்லை. கவ்வி மாட்டிப் பார்த்தேன். வழுவழுப்பான குழாயில் அது நழுவிவிட்டது, குழாய்த் துண்டு நழுவவில்லை.

நாற்காலி பழுது பார்ப்பவர்:
ஒருவர் மட்டும் உட்காரும் நாற்காலிக்கு அது பொருந்தும் அம்மா. உயரம் மாற்ற முடியாது, எடை முழுவதும் அந்தத் துண்டின் விளிம்பில் விழும், பிளந்த இடத்தில் விரியாமல் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

பள்ளத்தூர் இல்லத்தரசி:
என் மகனும் அதில்தான் உட்கார்கிறான். அவனுக்குக் கால் எட்டவில்லையென்றால் கீழே பலகை போட்டுக்கொள்கிறான். எனக்கு அது போதும்.

காரைக்குடிக் கணக்கர்:
நாக்கில் நன்றாக ஆட்டம் இருக்கிறது. ஆகவே சிலிண்டர்தான். எங்கள் அலுவலகத்தில் மூன்று பேர் மாறிமாறி உட்காருவதால் குழாய்த் துண்டு ஒத்துவராது. எந்த அளவு பார்த்து வாங்க வேண்டும்? கழற்ற முடியுமா?

நாற்காலி பழுது பார்ப்பவர்:
பெரும்பாலான நாற்காலிகளில் கீழ்த்தண்டு 50 மி.மீ., மேலே இருக்கைக்குள் போவது 28 மி.மீ. தடிமன். வேறுபடுவது நீளம்தான், ஆகவே முழுதாக உயர்ந்த நிலையில் பழையதன் நீளத்தை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். திருகு எதுவும் கிடையாது. கூம்பு வடிவ முனைகள் உட்கார்ந்தவரின் எடையாலேயே இறுகியிருக்கும். நாற்காலியைக் கவிழ்த்து, ஐந்து கால் சட்டத்தின் நடுப்பகுதியைச் சுற்றிச் சுற்றித் தட்டினால் சட்டம் கழன்றுவிடும். இருக்கைப் பக்கம் பிடிவாதமாக இருந்தால் பைப் ரெஞ்சால் பிடித்துத் திருகி இழுங்கள். பழையதில் தழும்பு விழுந்தால் என்ன? புதியதன் முனைகளில் எண்ணெய் தடவ வேண்டாம், பிடிப்பு நிற்காது. நிரப்பித் தருவதாக யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள். அது திறப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல, உள்ளே அழுத்தம் மிக அதிகம்.

புதுவயல் நண்பர்:
என் மைத்துனர் நிரப்பிக் கொண்டுவந்ததாகச் சொன்னார். கேட்டுவிட்டு வருகிறேன்.

காரைக்குடிக் கணக்கர்:
பழையதை எடைக்குப் போட்டுவிடலாமா?

நாற்காலி பழுது பார்ப்பவர்:
போடலாம். ஆனால் உள்ளே கேஸ் இருக்கிறது, துளையிடவோ கேஸ் கட்டரால் வெட்டவோ வேண்டாம் என்று கடைக்காரரிடம் வாயால் சொல்லிவிட்டுக் கொடுங்கள்; பார்த்தால் அது வெறும் இரும்புக் குழாய் போலத்தான் இருக்கும்.