சஃபிக்ஸ் அரே கொண்டு வேறுபட்ட துணைச்சரங்களை எண்ணும்போது சில உள்ளீடுகளுக்கு மட்டும் விடை தவறுகிறது: உதவி தேவை

நாகமலை_மாணவன்

வணக்கம். ஒரு சரத்தில் எத்தனை வேறுபட்ட துணைச்சரங்கள் உள்ளன என்பதைக் கண்டறிய, பின்னொட்டுகளை வரிசைப்படுத்தி, அடுத்தடுத்த பின்னொட்டுகளின் பொது முன்பகுதி நீளங்களை மொத்தத்திலிருந்து கழிக்கும் வழக்கமான முறையில் நிரல் எழுதியிருக்கிறேன். `banana` என்பதற்கு 15, `mississippi` என்பதற்கு 53 எனச் சரியாகவே வருகிறது. ஆனால் பயிற்சித் தளத்தில் கொடுத்தால் தவறான விடை என்று திருப்பி அனுப்புகிறது. பிழை எங்கே இருக்கக்கூடும்? ஆய்வகத்தை மாலையில் பூட்டிவிடுவார்கள் என்பதால் விரைவாகச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

திருமங்கலம்_செல்வி

எந்த மொழியில் எழுதினீர்கள், சரத்தின் நீளம் எவ்வளவு வரை போகும், பின்னொட்டுகளை எந்த முறையில் வரிசைப்படுத்துகிறீர்கள் என்ற மூன்றையும் சொல்லாமல் கேட்டால் எல்லோரும் ஊகிக்கத்தான் முடியும். வரிசைப்படுத்தும் பகுதியை மட்டுமாவது இங்கே ஒட்டுங்கள்.

மாட்டுத்தாவணி_முருகன்

நிரலைப் பார்க்கவே வேண்டாம், இது வரிமுடிவுச் சிக்கல்தான். விண்டோஸில் உருவாக்கிய கோப்பில் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாத `\r` ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதுவும் சரத்தின் எழுத்தாக எண்ணப்பட்டு விடையைக் கெடுத்துவிடும். எனக்கு இதே போல நடந்திருக்கிறது.

திருமங்கலம்_செல்வி

முருகன் அண்ணா, அப்படியொரு எழுத்து எல்லா வரியிலும் ஒட்டியிருந்தால் அதில் முடியும் துணைச்சரங்கள் புதிதாகச் சேர்ந்துவிடும். `banana` என்பதன் ஆறு எழுத்துகளோடு ஏழாவதாக அது சேர்ந்தால் கூடுதலாக ஏழு வரும், விடை 22 ஆகியிருக்கும். அவருக்கு 15 வந்திருக்கிறது.

மாட்டுத்தாவணி_முருகன்

அவர் தம் கணினியில் கையால் தட்டச்சு செய்து பார்த்திருப்பார். தளத்தின் கோப்பு வேறாக இருக்கலாம் அல்லவா?

கீழமாசி_வீதி

இந்தக் கேள்வி இங்கே ஆண்டுதோறும் வருகிறது. தேடிப் பார்க்கும் வழக்கந்தான் புதியவர்களிடம் இல்லை. வேறுபட்ட துணைச்சரங்களை எண்ணுவதற்குச் சஃபிக்ஸ் ஆட்டோமேட்டன் இருக்கும்போது யாரும் வரிசைப்படுத்திக்கொண்டிருக்க மாட்டார்கள். ஒவ்வொரு நிலையின் நீளத்திலிருந்தும் அதன் இணைப்பு நிலையின் நீளத்தைக் கழித்துக் கூட்டினால் விடை கையில் வந்துவிடும். அடிப்படையைப் படித்துவிட்டு வாருங்கள், தம்பி.

நாகமலை_மாணவன்

மன்னிக்கவும், மொழி சி பிளஸ் பிளஸ்; நீளம் 1,00,000 வரை; எல்லாம் சிறிய ஆங்கில எழுத்துகள். ஒவ்வொரு சுற்றிலும் ஒப்பிடும் நீளத்தை இரட்டிப்பாக்கும் முறை. பாடத்திட்டத்தில் சஃபிக்ஸ் அரேதான் இருக்கிறது, ஆகவே அதையே சரிசெய்ய விரும்புகிறேன்.

```cpp
for (int k = 1; k < n; k *= 2) {
    auto cmp = [&](int a, int b) {
        if (rk[a] != rk[b]) return rk[a] < rk[b];
        return rk[(a + k) % n] < rk[(b + k) % n];
    };
    sort(sa.begin(), sa.end(), cmp);
    // புதிய rk கணக்கிடும் பகுதி
}
// lcp கணக்கிட்டு sum-இல் கூட்டும் பகுதி
long long ans = n * (n + 1) / 2 - sum;
```

உசிலை_பாண்டி

கடைசி வரியில் இருக்கிறது பிழை. விடையை வைக்கும் மாறி பெரிதாக இருந்தாலும் `n` என்பது `int` என்றால் பெருக்கல் `int` அளவிலேயே நடக்கும். நீளம் 1,00,000 ஆகும்போது அந்தப் பெருக்கல் 1,000 கோடியைத் தாண்டுகிறது. `int` ஏறத்தாழ 214 கோடி வரைதான் தாங்கும். நீளம் 46,341-ஐத் தொட்டவுடனேயே வரம்பு மீறிவிடும். `1LL * n * (n + 1) / 2` என்று மாற்றுங்கள், முடிந்தது.

நாகமலை_மாணவன்

மாற்றினேன். முன்பு மூன்றாம் சோதனையில் நின்றது, இப்போதும் அங்கேயே நிற்கிறது.

உசிலை_பாண்டி

அப்படியென்றால் அது சிறிய சோதனையாக இருக்கும். நான் சொன்ன மாற்றம் பெரிய சோதனைகளுக்கு எப்படியும் தேவைப்படும், அதை எடுத்துவிடாதீர்கள்.

மேலூர்_ஆசிரியை

பாண்டி சொன்னது உண்மையான பிழைதான். ஆனால் மூன்றாம் சோதனையில் நிறுத்துவது அதுவன்று, `% n` என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். சரத்தின் முடிவைத் தாண்டும்போது அது தொடக்கத்துக்கே திரும்பிவிடுவதால், நீங்கள் வரிசைப்படுத்துவது பின்னொட்டுகளை அல்ல, சரத்தின் சுழற்சிகளை. பின்னொட்டு முடிந்த இடத்தில் எதுவும் இல்லை என்பதே எல்லா எழுத்துகளையும்விடச் சிறியதாகக் கருதப்பட வேண்டும். உங்கள் நிரலில் அந்த இடத்தில் முதல் எழுத்து வந்து உட்கார்ந்துகொள்கிறது.

`banana`, `mississippi` இரண்டிலும் இது வெளிப்படாததற்குக் காரணம் உண்டு. `banana` என்பதில் கடைசி `a`-வுக்குப் பின் சுழன்று வருவது `b`. மற்ற இரண்டு `a`-க்களுக்குப் பின் வருவது `n`. ஆகவே தனித்த `a` தற்செயலாக முதலிலேயே நிற்கிறது. `mississippi` என்பதிலும் கடைசி `i`-க்குப் பின் வரும் `m`, மற்றவற்றுக்குப் பின் வரும் `p`, `s` இரண்டையும்விடச் சிறியது.

`babcaba` என்ற ஏழெழுத்துச் சரத்தைக் கொடுத்துப் பாருங்கள். இடங்களைச் சுழியத்திலிருந்து எண்ணினால் `a`-வில் தொடங்கும் பின்னொட்டுகள் மூன்று: ஆறாம் இடத்தில் `a`, நான்காம் இடத்தில் `aba`, முதலாம் இடத்தில் `abcaba`. சரியான வரிசை 6, 4, 1. அடுத்தடுத்த பொது முன்பகுதிகளின் நீளம் 1, 2. உங்கள் நிரலில் ஆறாம் இடத்து `a` சுழன்று `ababcab` ஆகிறது, நான்காம் இடத்து `aba` சுழன்று `abababc` ஆகிறது. வரிசை 4, 6, 1 என்று மாறி, ஓரெழுத்துப் பின்னொட்டு நடுவில் புகுந்துவிடுகிறது. பொது முன்பகுதிகள் 1, 1 என்று குறைகின்றன. `ab` என்ற துணைச்சரம் அதனால் இரண்டு முறை எண்ணப்படுகிறது. மொத்தம் 28, கழிக்க வேண்டியது 6, உங்கள் நிரல் கழிப்பது 5. ஆகவே 22 வர வேண்டிய இடத்தில் உங்களுக்கு 23 வரும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். `abaab` என்பதற்கு உங்கள் நிரல் தரும் வரிசை தவறு, ஆனால் விடை 11 என்று சரியாகவே வரும். குட்டைப் பின்னொட்டு தன் கூட்டத்தின் முன்னால் நிற்பதற்குப் பதிலாகப் பின்னால் நின்றாலும் கூட்டுத்தொகை மாறுவதில்லை. நடுவில் நுழைந்தால்தான் மாறுகிறது. ஆகவே இறுதி எண்ணை மட்டும் ஒப்பிட்டுச் சோதிக்காதீர்கள். மூன்றெழுத்து அகரவரிசையில் சிறு சரங்களைத் தாறுமாறாக உருவாக்கி, பின்னொட்டுகளை வெட்டியெடுத்து நேரடியாக வரிசைப்படுத்தி, `sa` அணியையே ஒப்பிடுங்கள்.

அழகர்கோவில்_சொற்குறிப்பு

நல்ல நேரத்தில் இந்தக் கேள்வி வந்தது. மதுரைப் பக்கத்து ஊர்ப் பெயர்களில் திரும்பத் திரும்ப வரும் துண்டுகளை நான் தொகுத்து வருகிறேன். `மதுரை` என்பதைக் கொடுத்தால் ஒரு நிரல் 15 என்கிறது, கையால் எண்ணினால் எனக்கு 6 வருகிறது. இதுவும் அந்த `% n` பிழைதானா?

மேலூர்_ஆசிரியை

இல்லை ஐயா, அது வேறு. யூனிகோடில் `மதுரை` என்பது ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என ஐந்து குறியீடுகள். ஐந்தும் வெவ்வேறு என்பதால் 15. நீங்கள் ம, து, ரை என மூன்றாக எண்ணுகிறீர்கள், ஆகவே 6. முதலில் சரத்தை எழுத்துகளாகப் பிரித்து ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்களின் வரிசையை உள்ளீடாகத் தாருங்கள். சஃபிக்ஸ் அரேக்கு உறுப்புகளுள் எது சிறியது, எது பெரியது என்று தெரிந்தால் போதும்.

கீழமாசி_வீதி

அதையே ஆட்டோமேட்டனிலும் செய்யலாம்.

உசிலை_பாண்டி

செய்யலாம், ஆனால் ஒவ்வொரு நிலைக்கும் 26 கட்டங்கள் கொண்ட அட்டவணையோடு நீங்கள் வழக்கமாக ஒட்டும் நிரலைக் கொண்டு 247 எழுத்துகளுக்குச் செய்ய முடியாது. நிலைகளே நீளத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு வரை போகும். ஒவ்வொன்றுக்கும் 247 கட்டங்கள் என்றால் நினைவகத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கீழமாசி_வீதி

அட்டவணைக்குப் பதிலாக `map` வைத்தால் போயிற்று. பெரும்பாலான நிலைகளிலிருந்து ஒன்றிரண்டு கிளைகள்தான் புறப்படும் என்பதை நிரல் எழுதிப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

உசிலை_பாண்டி

வைக்கலாம், வேகம் குறையும். துண்டுகளை அகரவரிசையில் பட்டியலிடவும் ஐயா கேட்பார் என்று நினைக்கிறேன். அதற்கு வரிசைப்படுத்திய அணியே வசதி.

திருமங்கலம்_செல்வி

கேள்வி கேட்டவர் அணியைத்தான் சரிசெய்ய வேண்டும் என்று முன்பே சொல்லிவிட்டார்.

நாகமலை_மாணவன்

சரத்தின் கடைசியில் `$` சேர்த்தேன், `babcaba` என்பதற்கு இப்போது 30 வருகிறது.

மேலூர்_ஆசிரியை

வரிசை சரியாகிவிட்டது, எண்ணிக்கையில்தான் காவல் எழுத்தும் சேர்ந்துகொண்டது. `$`-இல் முடியும் துணைச்சரங்கள் சரியாக எட்டு. ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறைதான் வருகிறது. 22-உம் 8-உம் சேர்ந்து 30. மொத்தத்தைக் கணக்கிடும்போது `$` சேர்ப்பதற்கு முந்தைய நீளத்தைப் பயன்படுத்துங்கள். பொது முன்பகுதிகளின் கூட்டுத்தொகை மாறாது, ஏனெனில் `$` வேறு எதனோடும் பொருந்துவதில்லை. காவல் எழுத்தே வேண்டாமென்றால் ஒப்பீட்டின் கடைசி வரியை இப்படி மாற்றலாம்:

```cpp
int ra = a + k < n ? rk[a + k] : -1;
int rb = b + k < n ? rk[b + k] : -1;
return ra < rb;
```

இங்கே `-1`-க்குப் பதிலாக `0` போட்டுவிடாதீர்கள். `rk` சுழியத்திலிருந்து தொடங்கினால், முடிந்துபோன பின்னொட்டும் மிகச் சிறிய தரமுடைய பின்னொட்டும் சமமாகிவிடும்.

நாகமலை_மாணவன்

22 வருகிறது. மூன்றாம் சோதனை தாண்டிவிட்டது. பதினோராவதில் நேரம் மீறுகிறது. ஆய்வகத்தைப் பூட்டுகிறார்கள், நன்றி.

உசிலை_பாண்டி

ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் எல்லாத் தரங்களும் வெவ்வேறாகிவிட்டனவா என்று பார்த்து, ஆகியிருந்தால் வெளியேறிவிடுங்கள். தாறுமாறான சரங்களில் நாலைந்து சுற்றுகளிலேயே முடிந்துவிடும்.

மேலூர்_ஆசிரியை

தாறுமாறான சரங்களுக்குச் சரி. ஒரு லட்சம் `a` மட்டுமே உள்ள சரத்தைத் தளம் கொடுத்திருந்தால் அந்தச் சோதனை எதையும் மிச்சப்படுத்தாது. தரங்கள் எல்லாம் பிரிவதற்குள் 17 சுற்றுகளும் ஓடியாக வேண்டும், ஒவ்வொன்றிலும் முழு `sort`. அங்கே தரங்கள் 0 முதல் n வரையுள்ள சிறு எண்கள்தாம் என்பதைப் பயன்படுத்தி, எண்ணி அடுக்கும் முறையில் வரிசைப்படுத்த வேண்டியிருக்கும். ஆனால் நேரத்தைத் தின்பது வரிசைப்படுத்தலா, `lcp` பகுதியா என்பது அந்தப் பகுதியைப் பார்த்தால்தான் தெரியும். கசாய் குழுவினர் 2001-இல் தந்த முறையில் ஒரு பின்னொட்டிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது நீளத்தை ஒன்று மட்டுமே குறைப்பார்கள். நீங்கள் ஒவ்வொரு முறையும் சுழியத்திலிருந்து ஒப்பிடத் தொடங்கினால், ஒரே எழுத்தால் ஆன சரத்தில் அதுவே ஏறத்தாழ 500 கோடி ஒப்பீடுகள் ஆகும். தம்பி, அந்தப் பகுதியை நீங்கள் இன்னும் ஒட்டவில்லை.

மாட்டுத்தாவணி_முருகன்

பதினோராவது சோதனைக் கோப்பில் `\r` இருக்கிறதா என்றும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.